ஐம்பது புள்ளி ஒன்று

பழைய பேப்பர்க்காரருக்குப் போட வேண்டியதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்து பிராக்டிகல் குறிப்பு நோட்டு ஒன்று கையில் அகப்பட்டது. அதில் 1987ஆம் வருஷத்துப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்கு. பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. எதற்கென்று சொல்கிறேன்.

அப்போது நான் பிளஸ் டூ இயற்பியலுக்குப் புதிது. 'ஒத்ததிர்வுத் தம்பம்' என்று ஒரு சோதனை உண்டு. பிள்ளைகள் 'ரெசொனன்ஸ் காலம்' என்பார்கள். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயை ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கும். அதன் அடியிலிருந்து ரப்பர் டியூப் ஒரு தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போகும். பாத்திரத்தைத் தூக்கினால் குழாயில் தண்ணீர் ஏறும், இறக்கினால் இறங்கும். இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் குழாய் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு, தண்ணீரை மெள்ள இறக்க வேண்டும். ஓர் இடத்தில் காற்றுத்தம்பம் 'ஊம்' என்று கூவும். அதுதான் ஒத்ததிர்வு. வாயிலிருந்து தண்ணீர் மட்டம் வரை உள்ள நீளத்தைக் குறித்துக்கொண்டு, இன்னும் இறக்கினால் இரண்டாவது இடம் கிடைக்கும்.

ஒரு பையன், அதிகம் பேசாதவன், 512 எண் போட்ட கவையை வைத்துச் செய்தான். முதல் நீளம் 16.0 சென்டிமீட்டர், இரண்டாவது 50.1 என்று எழுதிக்கொண்டு வந்தான்.

"ஏண்டா தம்பி, மூணு பதினாறு எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு சார்."

"அப்புறம் அம்பதை எங்கேருந்து பிடிச்சே? போய் ஒழுங்காப் பார்."

மறுபடி பார்த்துவிட்டு வந்து, "அதேதான் சார் வருது" என்றான். நானே பேனாவை எடுத்து 50.1ஐ அடித்து 48.0 என்று எழுதினேன். கணக்குப் போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தான். "சார், ஒலியோட வேகம் 327தான் வருது. ஜீரோ டிகிரியிலேயே 331னு புக்ல போட்டிருக்கே?"

"பள்ளிக்கூடத்துச் சாமான்ல அவ்வளவுதான் வரும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்று மடங்கு என்று நான் அடித்துப் பேசியதற்குக் காரணம் உண்டு. தண்ணீரை ஒட்டிய காற்று அசைய முடியாது. அது கணு. திறந்த வாயில் காற்று அதிகபட்சமாக ஆடும். அது எதிர்க்கணு. அசையாத இடத்திலிருந்து நன்றாக ஆடும் இடத்துக்குப் போக அலைநீளத்தில் கால் பங்கு வேண்டும். அரைப் பங்கில் மறுபடி அசையாத இடம், முக்கால் பங்கில் மறுபடி ஆடும் இடம். வாய் எப்போதும் ஆடும் இடமாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே கால், முக்கால், ஒன்றேகால் என்றுதான் நீளங்கள் வரும். 1, 3, 5 என்ற கணக்கு. பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படம் போட்டிருக்கும்.

அடுத்த கோடை விடுமுறையில் ஸ்டாக் எடுக்க லேபுக்குப் போனேன். யாரும் இல்லை. சுவர்த் தெர்மாமீட்டர் 30 டிகிரி காட்டியது. அந்தப் பையனின் 327 மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் நானே குழாயை எடுத்து வைத்தேன். முதலில் 512. என்ன பார்த்தாலும் 16.0, 50.1. அடுத்து 480. கிடைத்தது 17.1, 53.5. இதுவும் மூன்று மடங்கு இல்லை. மூன்று மடங்கென்றால் 51.3 வந்திருக்க வேண்டும். இரண்டு கவையிலும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அதிகம்.

அப்போதுதான் உறைத்தது. குழாயின் விளிம்போடு காற்று நின்றுவிடுவதில்லை. வாயில் ஆடுகிற காற்று, வெளியே உள்ள காற்றிலும் கொஞ்சத்தைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு ஆடுகிறது. ஆகவே காற்றுத்தம்பம் நாம் அளப்பதைவிடச் சற்று நீளம். அந்தக் கூடுதல் துண்டுக்குத்தான் முனைத் திருத்தம் என்று பெயர். 16.0 என்பது உண்மையில் 16 கூட்டல் அந்தத் துண்டு. 50.1ம் அப்படியே. மூன்று மடங்கு பொருந்துவது இந்த உண்மை நீளங்களுக்குத்தான், ஸ்கேலில் தெரியும் நீளங்களுக்கு அல்ல.

துண்டு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது சுலபம். இரண்டாவது நீளத்திலிருந்து முதல் நீளத்தின் மூன்று மடங்கைக் கழித்து, பாதியாக்க வேண்டும். 50.1இல் 48.0 போனால் 2.1. பாதி 1.05 சென்டிமீட்டர். குழாயின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்தேன். 3.5 சென்டிமீட்டர். 1.05ஐ 3.5ஆல் வகுத்தால் 0.3. விட்டத்தில் 0.3 பங்கு என்று புத்தகத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததை நான் படித்துத்தான் இருந்தேன், கையால் தொட்டதில்லை. அகலக் குழாய்க்குத் துண்டு பெரிது, குறுகல் குழாய்க்குச் சிறிது. அலைநீளம் குழாயின் அகலத்தைவிட நிறையப் பெரிதாக இருக்கும்வரை, எந்தக் கவையை எடுத்தாலும் அந்தத் துண்டு மாறாது. கவைக்குக் கவை அது வெகுவாக மாறினால்தான் ரீடிங்கில் தப்பு. கவையைக் குழாய் வாயை அடைத்தாற்போல மிக நெருக்கிப் பிடித்தாலும் கெட்டுப்போகும்.

வேகத்துக்கோ அந்தத் துண்டே தேவையில்லை. இரண்டு நீளத்திலும் அது ஒட்டிக்கொண்டிருப்பதால் கழித்தால் போய்விடும். 50.1 கழித்தல் 16.0 என்பது 34.1. இது அரை அலைநீளம். முழு அலை 68.2 சென்டிமீட்டர். 512ஆல் பெருக்கினால் நொடிக்கு 349 மீட்டர். 30 டிகிரிக்குச் சூத்திரப்படி 331உடன் 18 கூட்டினால் அதே 349. பையனின் ரீடிங் அவ்வளவு சுத்தம். நான் திருத்திய 48ஐ வைத்தாலோ 327.7. காற்று அந்த வேகத்தில் ஒலியைக் கடத்த, லேப் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். நம் ஊரில், வெயில் காலத்தில்!

அன்று இன்னொன்றும் பார்த்தேன். 16க்கும் 50க்கும் நடுவே, 33.1 சென்டிமீட்டரில் தண்ணீரை நிறுத்தி 512ஐப் பிடித்தேன். சத்தமே இல்லை. அதே இடத்தில், அதில் பாதியான 256ஐப் பிடித்தேன். குழாய் கூவியது. அந்த நீளத்துக்கு 256தான் அடிப்படைச் சுரம். 512 அதன் சரியாக இரண்டு மடங்கு, மேல் ஸ்தாயியில் அதே சுரம். ஆனாலும் குழாய் அதை ஏற்கவில்லை. 512இன் அலைக்கு அது அரைப் பங்கு நீளம். கணு வந்து வாயில் விழுகிறது. ஒரு பக்கம் மூடிய குழாயில் இரண்டு, நான்கு என்ற இரட்டைச் சீரிசைகள் இல்லை என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவன், காதால் கேட்டது அன்றுதான். இரண்டு பக்கமும் திறந்த குழாயில் இந்தத் தடை இல்லை. அதனால்தான் புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் மேல் ஸட்ஜம் வருகிறது. மூடிய குழாயை அப்படி ஊதினால் ஸட்ஜத்தைத் தாண்டி மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குக் குதிக்கும். அது மூன்று மடங்கு.

பள்ளி திறந்ததும் அந்தப் பையனைத் தேடினேன். பிளஸ் டூ முடித்துப் போய்விட்டிருந்தான். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் இந்தச் சோதனைக்கு முனைத் திருத்தம் என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொன்னேன். இரண்டாவது நீளம் முதலாவதற்குச் சரியாக மூன்று மடங்கு என்று எழுதிக்கொண்டு வந்த நோட்டுகளுக்குக் கையெழுத்துப் போடவில்லை. "போய்த் தண்ணீரை இறக்கிக் காதால் கேட்டு எழுது" என்று திருப்பி அனுப்பினேன். அப்படித் திருப்பி அனுப்பும்போதெல்லாம் நான் அடித்த அந்த 50.1தான் ஞாபகம் வரும்.

குறிப்பு நோட்டைப் பேப்பர்க்காரருக்குப் போடவில்லை. எடுத்து வைத்துவிட்டேன். தம்பி, எங்காவது இதைப் படித்தால் தெரிந்துகொள். உன் ரீடிங் சரி. நீ கேட்ட கேள்வியும் சரி.