வைரத்தை மறைத்துவிட்டுப் படியுங்கள்

மெட்டா அனாலிசிஸ் கட்டுரை ஒன்று கைக்கு வந்தால், ஃபாரஸ்ட் பிளாட்டின் அடியில் இருக்கும் வைர வடிவத்தை முதலில் கையால் மறைத்துக்கொள்வேன். அது எல்லா ஆய்வுகளின் கூட்டு முடிவு. எனக்கு முதலில் வேண்டியது மேலே உள்ள வரிகள். ஒவ்வொரு வரியும் ஓர் ஆய்வு. சதுரம் அந்த ஆய்வு கண்ட விளைவு, இருபுறமும் நீளும் கோடு அதன் 95 சதவீத நம்பக இடைவெளி. மேலிருந்து கீழே ஒரே நேர்கோடு இழுத்தால் இந்த இடைவெளிகளில் பெரும்பாலானவற்றை அது தொடுமா என்று பார்ப்பேன்.

தொடாத படத்துக்கு பிசிஜி தடுப்பூசியைத்தான் எப்போதும் காட்டுவேன். 1994இல் கோல்டிட்ஸ் குழுவினர் ஜாமா இதழில் வெளியிட்ட ஆய்விலுள்ள 13 சோதனைகளின் தரவு இன்றும் பாடமாக இருக்கிறது. கனடாவில் ஊசி போட்ட 306 பேரில் 6 பேருக்குக் காசநோய் வந்தது. போடாத 303 பேரில் 29 பேருக்கு. அபாய விகிதம் 0.20. ‘மதராஸ்’ என்ற வரி நம் செங்கல்பட்டுச் சோதனை. இரு பக்கமும் தலா 88,000 பேருக்கு மேல். நோய் வந்தவர்கள் 505, 499. விகிதம் 1.01, அதாவது பாதுகாப்பே இல்லை. இந்த இரண்டு வரிகளின் இடைவெளிகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

இப்போது கையை எடுத்து வைரத்தைப் பார்க்கலாம். உண்மை விளைவு எல்லா ஊரிலும் ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்டால் 0.65 வருகிறது, அதில் செங்கல்பட்டின் எடை மட்டும் ஏறத்தாழ 40 சதவீதம். ஊருக்கு ஊர் விளைவு மாறலாம் என்று வைத்தால் 0.49 வருகிறது, செங்கல்பட்டின் எடை பத்து சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. தரவு ஒன்றுதான், அனுமானம்தான் மாறியது. இரண்டாவது கணக்கு வேறுபாட்டைத் தீர்த்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வேறுபாட்டை ஒப்புக்கொண்டு சராசரி எடுக்கிறது, அவ்வளவே.

இங்கே ஐ-ஸ்கொயர் 92 சதவீதம். வரிகளுக்கிடையே தெரியும் சிதறலில் தற்செயலால் விளக்க முடியாத பங்கு அது. விளைவு எவ்வளவு தூரம் மாறுகிறது என்பதை அது சொல்லாது. அதற்குக் கணிப்பு இடைவெளி வேண்டும். இதே தரவில் அது சுமார் 0.15 முதல் 1.55 வரை. புதிதாக ஓர் ஊரில் சோதனை நடந்தால் பெரும் பாதுகாப்பும் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

ஏன் என்று கேட்பதே அடுத்த வேலை. சோதனை நடந்த இடங்களை அட்சரேகைப்படி அடுக்கினால் வேறுபாட்டில் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பாதுகாப்பு கூடுகிறது. வெப்பமண்டலச் சூழலில் உள்ள மைக்கோபாக்டீரியாக்கள் முன்பே தொற்றியிருந்தால் ஊசியின் பலன் மறையலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் 13 புள்ளிகளை வைத்து அதை நிரூபித்துவிட முடியாது. குழந்தைகளைக் கடும் காசநோயிலிருந்து பிசிஜி காப்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சான்றுகள் உண்டு.

பிசிஜி காசநோயைப் பாதியாகக் குறைக்கும் என்று இந்த வைரத்தைக் காட்டிச் செங்கல்பட்டில் சொல்வது தவறு. கணிப்பு இடைவெளி தராத கட்டுரையைக் கண்டால் ஆசிரியர்களிடம் அதைக் கேளுங்கள்.