உம்மும்மாவின் மௌனத்தை வெட்டிய கதை

எங்கள் மகளுக்கு இரண்டே கால் வயது. நாங்கள் கத்தாரில் இருக்கிறோம். அவளுடைய உம்மும்மா ஊரில் இருக்கிறார். அலைபேசி வழியாக உம்மும்மா கதை படிக்க முயன்ற மாலைகளில் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. படம் ஓரிடத்தில் உறைந்து நிற்க, குரல் மட்டும் தனியே ஓடியது; குழந்தை எழுந்து போய்விடுவாள். ஆகவே, உம்மும்மாவின் குரலில் ஒரு படப்புத்தகத்தைக் காணொலியாகச் செய்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

கதை உம்மும்மா சொல்வதுதான். தாய்க்கோழி தன் குஞ்சைத் தேடி வீடெங்கும் அலைகிறது. பானைக்குப் பின்னால், முறத்துக்கு அடியில், கிணற்றடியில் என்று பக்கத்துக்கு ஓர் இடம். ஒவ்வொரு படத்திலும் குஞ்சின் வாலோ அலகோ ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும். தாய்க்கோழிக்கு மட்டும் அது தெரியாது. அட்டை நீங்கலாகப் பன்னிரண்டு படங்களை நாங்களே வரைந்து, ஊருக்கும் ஒரு பிரதி அச்சிட்டு அனுப்பினோம். உம்மும்மா தம் மூத்த பேரனை மடியில் வைத்துக்கொண்டு படித்ததை வீட்டார் பதிவு செய்து அனுப்பினார்கள். பதிவின் நீளம் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல்.

கேட்டவுடன் எங்களுக்கு அது குறையுள்ளதாகத் தோன்றியது. ஒரு வாக்கியம் படிக்கிறார், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பையன் ஏதோ முணுமுணுக்கிறான். மறுபடியும் ஒன்றுமில்லை. பிறகுதான் தாள் புரள்கிறது. ஆடாசிட்டியில் Truncate Silence என்றொரு கட்டளை உண்டு; ஒலியற்ற இடங்களைத் தானே கண்டுபிடித்துச் சுருக்கிவிடும். அதை இயக்கினோம். பையனின் முணுமுணுப்புகளைக் கையால் வெட்டினோம். ஐந்து நிமிடம் ஒன்றரை நிமிடமாயிற்று. மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைத்த தாள் புரளும் காட்சியை அரை நொடி நீளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பொருத்தி, ‘விர்’ரென்ற ஓசையையும் சேர்த்தோம். எங்கள் கண்ணுக்கு அது மிகவும் நேர்த்தியாக இருந்தது.

குழந்தை அதை இமைக்காமல் பார்த்தாள். முதலில் நாங்கள் மகிழத்தான் செய்தோம். மூன்றாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தோம். அவள் கோழியைப் பார்க்கவில்லை. தாள் புரள்வதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். சுட்டிக்காட்டவில்லை, ஒரு சொல் பேசவில்லை. அச்சிட்ட புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தாள்களை வேகவேகமாகப் புரட்டி முடித்துவிட்டுக் காணொலியைக் கேட்டு அழுதாள். புத்தகத்தின்பால் அவளைக் கொண்டுசேர்க்க நாங்கள் செய்த காணொலியே புத்தகத்தைவிட்டு அவளை விலக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மூலப்பதிவைத் திரும்பக் கேட்டோம், இம்முறை கடிகாரத்தோடு. உம்மும்மா ஒரு பக்கத்தைப் படிக்க எடுத்துக்கொண்டது ஆறு நொடி. அந்தப் பக்கத்தில் அவர் தங்கியது ஏறத்தாழ இருபத்தைந்து நொடி. மீதி நேரமெல்லாம் பையனுக்குரியது. நாங்கள் இரைச்சல் என்று வெட்டிய முணுமுணுப்பு, “இதோ… வாலு” என்று அவன் சொன்னதுதான். குரல் ‘பானை’ என்ற பிறகு குழந்தை படத்தில் பானையைத் தேட வேண்டும். கண்டபின் அதன் ஓரத்தில் வாலைக் காண வேண்டும். அதற்குரிய சொல் நாவுக்கு வர வேண்டும். பிறகு விரல் நீள வேண்டும். பெரியவர்களுக்குக் கணப்பொழுதில் முடிகிற இந்த வேலைக்கு இரண்டு வயதில் பல நொடிகள் ஆகின்றன. அந்த நொடிகளைத்தான் நாங்கள் ஒரு பொத்தானால் அழித்திருந்தோம்.

இரண்டாம் முறை மௌனத்திலிருந்து தொடங்கினோம். பக்கம் திறந்ததும் மூன்று நொடி, படம் மட்டும். பிறகு ஆறு நொடி, குரல். அதன்பின் ஒன்பது நொடி, எவரும் பேசுவதில்லை. தாள் புரள இரண்டு நொடி. பக்கத்துக்கு இருபது நொடி வீதம் பன்னிரண்டு பக்கத்துக்கு நான்கு நிமிடம். முன்னட்டைக்கும் மூடிய புத்தகத்துக்கும் பத்துப் பத்து நொடி.

அசைவைப் பெரிதும் குறைத்தோம். திரையில் எது அசைகிறதோ அதன் பக்கம் குழந்தையின் கண் தானாகப் போய்விடும். குரல் பானையைச் சொல்லும்போது கோழி சிறகடித்தால் பானையை யார் பார்ப்பது? ஆகவே, குரல் ஒலிக்கையில் படம் முற்றிலும் அசையாது. மௌனத்தின் ஏழாவது நொடியில் குஞ்சின் வால் மட்டும் ஒருமுறை ஆடும். அதற்குமுன் கண்டுபிடித்த குழந்தைக்கு அது ‘ஆம்’ என்ற விடை. கண்டுபிடிக்காத குழந்தைக்கு ஒரு துணை. இது எங்கள் கண்டுபிடிப்பென்று சொல்லிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் மார்ட்டன் ஷிண்டெல் என்பவர் 1953இல் தொடங்கிய வெஸ்டன் வுட்ஸ் நிறுவனம், படப்புத்தகங்களின் ஓவியங்களை அசையவைக்காமல், கேமராவை அவற்றின்மேல் மெல்ல நகர்த்தியே திரைப்படங்கள் செய்தது.

தாள் புரள்வதிலும் உம்மும்மாவையே பின்பற்றினோம். அவர் சட்டென்று புரட்டுவதில்லை. முதலில் தாளின் மூலையை விரலால் நெருடி உயர்த்துவார். பேரனுக்கு அது ஓர் அறிவிப்பு. எனவே இரண்டு நொடியில் முதல் அரை நொடி மூலை மட்டும் எழும். மீதியில் தாள் வலமிருந்து இடமாகச் சாயும். (அவளுடைய அண்ணனின் அரபுப் பாடநூல் மறுபுறமாகத் திறக்கும். நாங்கள் குழம்பிப்போய் ஒரு நாள் முழுதும் தாளைத் தலைகீழ்த் திசையில் புரட்டிக்கொண்டிருந்தோம்.) ‘விர்’ ஓசையை நீக்கிவிட்டு, அந்த அச்சுப் புத்தகத்தின் தாளையே புரட்டிப் பதிவு செய்தோம். குரலைவிட நன்றாகத் தணிந்து ஒலிக்கும்படி வைத்தோம். தாள் குரலைவிட உரக்கக் கேட்டால் குழந்தை மீண்டும் தாளுக்காகவே காத்திருப்பாள்.

ஒன்பது நொடி மௌனத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. முழுக்க ஒலியற்றதாக விட்டபோது, குரல் நின்றவுடன் கருவியே அணைந்துவிட்டதென்று எண்ணி அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இசை சேர்க்க எங்களுக்கு மனமில்லை. எங்கள் வீட்டு வழக்கம் ஒருபுறம் இருக்க, மெட்டு ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடம் குழந்தைக்குரியதாக இராது. ஒலிப்பதிவாளர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள்: பேசிய அதே அறையில் எவரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்துகொண்டு, அதைக் காணொலி நெடுகிலும் அடியில் பரப்புவது. ஊரிலிருந்து அதைப் பெற்றோம். அஸருக்குப் பிந்தைய முற்றம்; தொலைவில் ஒரு காகம், எங்கோ ஒரு சைக்கிள் மணி. அது போதுமானதாக இருந்தது.

முடிவில் புத்தகம் மூடி, பத்து நொடி அப்படியே நிற்கும். கோப்பை எந்தத் தளத்திலும் ஏற்றவில்லை; அலைபேசியிலேயே வைத்திருக்கிறோம். எனவே அடுத்த காணொலி தானாக ஓடி வருவதில்லை. இந்த வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது, அதிலும் குறைவது நலம் என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் கூறியது. எங்கள் வீட்டில் நாளுக்கு இருமுறை, மடியில் அமர்த்தி, அச்சுப் புத்தகத்தையும் அருகில் விரித்துவைத்து.

நான்காம் நாள், பானைப் பக்கத்தில், வால் ஆடுவதற்குமுன் அவள் “இதோ” என்றாள்.

ஆனால் எட்டாம் பக்கத்தில் குஞ்சு வைக்கோலுக்குள் இருக்கிறது, மஞ்சளுக்குள் மஞ்சள். அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒன்பது நொடி முடிந்து தாள் எழுகிறது. “இல்ல, இல்ல” என்று திரையைக் கையால் அழுத்திப் பிடிக்கிறாள். காணொலியை உம்மும்மாவுக்கு அனுப்பியிருந்தோம், பார்த்துவிட்டு அவரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்: “எட்டாவதுல புள்ள இன்னும் பாத்துக்கிட்டு இருக்கும்மா. நானா இருந்தா திருப்பியிருக்க மாட்டேன்.”

எட்டாம் பக்கத்தின் மௌனத்தைப் பதினைந்து நொடியாக்கிப் பார்த்தோம். மறுவாரம் அவளுக்கு அது மிகுதியாகிவிட்டது. இப்போது நீளத்தை மாற்றுவதில்லை. அந்தப் பக்கம் வந்ததும் எங்களில் ஒருவர் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்திருக்கிறோம்.