அசையாத முகம்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். மகன் டொராண்டோவில். ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு வீடியோ கால் வரும். தை மாசத்தில் அங்கே அப்போது காலை ஒன்பது. பேரன் முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, பேச்சுக்கு நடுவே ஸ்கிரீன்ஷாட் எடுப்பது டீச்சரின் பழக்கம். அப்படி எடுத்த ஒரு படம்தான் வினையாகிவிட்டது.

கண்புரை ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கொடுத்ததை அன்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எதிர்முனையில் ஒரு ‘ம்’ கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் கால் தானாகவே துண்டாகிவிட்டது. “நெட் சரியில்லம்மா, அப்புறம் கூப்பிடறேன்” என்று மகனிடமிருந்து ஒரு மெசேஜ். அடுத்தடுத்த வாரங்களில் டீச்சர் ‘சரி, வைக்கிறேன்’ என்பதற்கு மேல் அவனிடம் பேசவில்லை. ஒருநாள் போனை என்னிடம் நீட்டினார். “நீங்களே பாருங்க சார். நான் ஆபரேஷன்னு சொல்றேன், இவன் எங்கேயோ பாத்துட்டிருக்கான்.”

படத்தில் மகன் தலை குனிந்திருந்தான். இமை பாதி மூடியிருந்தது. பக்கத்தில் பேரன் ஸ்பூனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அலட்சியம் என்று சொல்ல அதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் தொலைபேசி இலாகாவில் காலம் தள்ளியவன். டிரங்க் கால் கெட்டுப்போனால் கரகரவென்று சத்தம் வரும், இல்லையென்றால் எதிரொலிக்கும். லைன் மோசம் என்பதை லைனே சொல்லிவிடும். யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. வீடியோ காலில் அந்தக் கரகரப்பு இல்லை. சிக்னல் குறைந்தால், குரலையாவது காப்பாற்றிவிடலாம் என்று முதலில் படத்தைத்தான் குறைக்கிறார்கள், ஏனென்றால் குரலுக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு டேட்டா படத்துக்கு வேண்டும். புதிய படம் வராதவரை, கடைசியாக வந்த படமே திரையில் நிற்கும். இன்னும் மோசமானால் குரலும் போய்விடும்; முகம் மட்டும் அப்படியே இருக்கும். மனிதர் கண் இமைப்பது நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது தடவை. படம் நின்ற கணம் அதில் ஒன்றாக இருந்தால், எப்பேர்ப்பட்ட பாசக்காரனும் தூங்குமூஞ்சிதான்.

குனிந்த பார்வைக்கும் காரணம் உண்டு. கேமரா திரைக்கு மேல் விளிம்பில் இருக்கிறது, அம்மாவின் முகமோ அதற்குக் கீழே. அம்மா முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன், அம்மாவுக்குக் கீழே பார்ப்பவனாகவே தெரிவான். கேமராவையே முறைத்துக்கொண்டு பேசினால்தான் ‘நேரே பார்ப்பது’ போலிருக்கும். அப்படிப் பேசுகிறவன் அம்மாவைப் பார்க்கவே இல்லை!

இதையெல்லாம் சொன்னேன். டீச்சர் இறங்கி வரவில்லை. “மூலையில என் படம் நல்லாத்தானே அசைஞ்சுது? நெட் போயிருந்தா அதுவும் நின்னிருக்கணுமே?” கணக்கு டீச்சரின் கேள்வி. பலர் ஏமாறுவதும் இங்கேதான். மூலையில் தெரியும் நம் படம் இணையம் வழியாக வருவதில்லை. நம் போனின் கேமராவிலிருந்து நேரே நம் திரைக்கு வருகிறது. நெட் அடியோடு போனாலும் அது அசைந்துகொண்டுதான் இருக்கும்.

சந்தேகத்தைத் தீர்த்தது அவர் எடுத்திருந்த இன்னொரு ஸ்கிரீன்ஷாட். முதல் படத்தின் மேலே மணி 7:42, இரண்டாவதில் 7:43. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதே பாதி இமை, அதே திரைச்சீலை மடிப்பு, காற்றில் நிற்கும் அதே ஸ்பூன். விடைத்தாள் திருத்திய கண் அல்லவா? அடுத்தடுத்த எண்களில் ஒரே தப்பு வந்தால் அது பிள்ளைகளின் சொந்தக் கணக்கில்லை என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. “நாலு வயசுப் பய ஸ்பூனை அசைக்காம அவ்வளவு நேரம் வச்சிருக்க மாட்டான்” என்றார்.

எதிரில் இருப்பவரைத் தப்பாக நினைக்கப் படம் நிற்கவே வேண்டாம், குரல் கொஞ்சம் தாமதமாக வந்தாலே போதும். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அதைத்தான் காட்டியது. இணைப்பில் தாமதம் இருந்தபோது, பேசியவர்கள் குறையை இணைப்பின்மேல் போடவில்லை. எதிரில் இருப்பவருக்குக் கவனம் குறைவு என்று கணித்தார்கள்.

இதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பேசிக்கொண்டே வேறு வேலை பார்க்கிறவர்களும் உண்டு. அவர்கள் படம் நிற்காது. கண் இடமிருந்து வலமாக ஓடும், மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும், ‘ம்’ தப்பான இடத்தில் வரும். நிற்கும் படத்தை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் என் கட்சி.

இப்போது முகம் நின்றால் டீச்சர் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுகிறார். மகனிடமும் விஷயத்தைப் போட்டு உடைத்தாயிற்று. அவன் சிரித்தானாம். டீச்சர் சிரிக்கவில்லை. “சரிடா, நெட் போச்சு, ஒத்துக்கறேன். அப்புறம் கூப்பிடறேன்னு சொன்னியே, அடுத்த ஞாயித்துக்கிழமைதானே கூப்பிட்டே? அந்த ஆறு நாளும் நெட் இல்லியா?”

அதற்கு என்னிடம் தொழில்நுட்ப விளக்கம் எதுவும் இல்லை.