பின்மூடியின் உள்பக்கம்

வேலப்பன்சாவடியில் திருவேற்காடு ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்றும் இடத்தை ஒட்டி, ஜெராக்ஸ் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் அந்த வாட்ச் கடை. ஒரு மேஜை, ஒரு டியூப் லைட், உடைந்த வாட்ச்கள் கிடக்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள். கடைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். வலது கண்ணில் ஐ கிளாஸ். எதிரே ஸ்டூலில் இருபத்தைந்து வயதுப் பையன், போனில் விளம்பரம் அடித்துக்கொண்டிருக்கிறான். அப்பாவின் சீகோ 5-ஐ விற்கப் போகிறான். நான் செல் மாற்றக் கொடுத்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

“படிக்கிறேண்ணே. ‘சீகோ 5 ஆட்டோமேட்டிக், சூப்பர் கண்டிஷன், ஒரிஜினல், ஃபுல் சர்வீஸ் பண்ணது.’”

“சூப்பர்ங்கறதை எடு. பார்த்ததை எழுது.”

பையன் அழிக்கிறான். பெரியவர் ஓப்பனரை வைத்து வாட்ச்சின் பின்மூடியைத் திருகிக் கழற்றி, டியூப் லைட் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறார். மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் கீறியது போல் நுண்ணிய எழுத்து. ஒன்று ‘96’, பக்கத்தில் புரியாத கையெழுத்து. இன்னொன்று ‘2009’. வாட்ச்சைத் திறந்து வேலை பார்க்கிறவர்கள் அடையாளத்துக்காகக் கீறிவிட்டுப் போவது இது. வெளியே தெரியாது, அதனால் யாரும் அழிக்கவும் மாட்டார்கள். பில் தொலைந்துபோன வாட்ச்சுக்கு இதுதான் சர்வீஸ் சரித்திரம்.

“ரெண்டு தடவை திறந்திருக்காங்க. என்ன செஞ்சாங்கன்னு இதுல இல்ல. ‘96லயும் 2009லயும் திறந்த அடையாளம் இருக்கு, வேலை விவரம் தெரியாது’ன்னு போடு. போன மாசம் நான் செஞ்சது தனி.”

அவர் செய்ததைத் தனியாகச் சொல்லச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் சர்வீஸ் என்றால் இரண்டு வேலைகளுக்கும் ஒரே பேர். மெஷினைப் பிரிக்காமல் பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலோட்டமாக எண்ணெய் தொட்டுக் கொடுப்பதும் சர்வீஸ்தான். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிக் கழுவி, அச்சு உட்காரும் கற்களைத் துடைத்து, இடத்துக்குத் தகுந்த எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டுவதும் சர்வீஸ்தான். முதல் வகையில் பழைய எண்ணெய்ப் பிசின் கரைந்து கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். வாட்ச் சில மாதம் துள்ளி ஓடிவிட்டு மறுபடி சோர்ந்துபோகும். பையன் இப்போது எழுதுகிறான்: ‘மெஷின் முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டது. மெயின் ஸ்பிரிங் மாற்றவில்லை. பின்மூடி ரப்பர் வளையம் புதிது. கிளாஸ் கம்பெனி கிளாஸ் இல்லை, சாதாரணக் கண்ணாடி.’

“கிளாஸையும் சொல்லணுமா அண்ணே?”

“வாங்குறவன் கைக்குப் போனா அவனே சொல்லுவான்.”

அடுத்தது வருடம். சீகோ பின்மூடியில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் எண் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். இதில் 8, 7. ஜூலை, சரி. ஆனால் எந்தப் பத்தாண்டு? உள்ளே இருப்பது 7009 என்ற மெஷின், எழுபதுகளின் பிற்பகுதியில் வந்தது. ஆகவே 1978 ஆகவும் இருக்கலாம், 1988 ஆகவும் இருக்கலாம். அப்பா துபாய் போனதே 87-ல்தான், அங்கேதான் கடையில் புதிதாக வாங்கினார் என்கிறான் பையன். கிழமை காட்டும் தட்டு ஆங்கிலத்திலும் அரபியிலும் மாறி மாறி எழுதியிருப்பது வளைகுடாவுக்குப் போன வாட்ச் என்பதோடு ஒத்துப்போகிறது. ‘1988 ஜூலை என்று நினைக்கிறோம், பில் இல்லை’ என்று விளம்பரத்தில் ஏறுகிறது. ‘நினைக்கிறோம்’ என்ற அந்தச் சொல்லைப் பெரியவர் இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார்.

டயலில் நான்கு மணிக்குப் பக்கத்தில், சாவி இருக்கும் இடத்தையொட்டி, பழுப்பாகச் சில புள்ளிகள். சாவி வழியாக எப்போதோ ஈரம் இறங்கியிருக்கிறது. இந்த ஒரு குறைக்காகத்தான் பையன் அதிகம் கவலைப்படுகிறான்.

“பெயிண்ட் அடிச்சுத் தர்றாங்களாமே? புதுசு மாதிரி ஆயிடுமாம்.”

பெரியவர் ஐ கிளாஸைக் கழற்றி அவனிடம் நீட்டுகிறார். “ஆறு மணிக்குக் கீழ, ஓரத்துல பாரு.”

பையன் குனிகிறான். வெறும் கண்ணுக்குத் தூசி வரிசை போல் தெரிவது, லென்ஸில் 7009 என்று தொடங்கும் எண்ணாகத் தெரிகிறது. ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் கூர்மையாக இருக்கிறது. மறுபடி அடித்த டயலில் அந்த எண் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் தடித்துப் பிசிறியிருக்கும். தேதி ஜன்னலின் விளிம்பில் பெயிண்ட் வழிந்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குச்சிகளோடு நேராக நிற்காது. மும்பையிலிருந்து இப்படிப் புதுநிறம் பூசிய சீகோக்களும் எச்எம்டிகளும் ஏராளமாக உலகமெங்கும் போய், சேகரிப்பவர்கள் இந்திய விளம்பரம் என்றாலே சந்தேகப்படும் நிலை வந்துவிட்டது. என்னைக் கேட்டால், புள்ளி விழுந்த டயல் பெயிண்ட் அடித்த டயலைவிட மதிப்பு கூடியது. ஒன்றில் குறை கண்ணுக்குத் தெரிகிறது, மற்றதில் குறையோடு சேர்ந்து உண்மையான டயலே போய்விடுகிறது.

“நம்பர் இருக்கற டயலை நம்பர் இல்லாததா மாத்தப் போறியா?” பையன் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கிறான். புள்ளிகளை நெருக்கத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறான்.

பிறகு மெஷினின் நடத்தை. பெரியவர் வாட்ச்சை ஒரு சின்னக் கருவியின் பிடியில் மாட்டுகிறார். அது டிக் சத்தத்தைக் கேட்டுத் திரையில் கோடு போடுகிறது. இந்த மெஷின் மணிக்கு 21,600 முறை அடிப்பது, அதாவது விநாடிக்கு ஆறு. டயல் மேலே பார்த்துக் கிடந்தால் ஒரு நாளைக்கு 14 விநாடி வேகம். சாவி கீழே இருக்கும்படி நிறுத்தினால் 22 விநாடி மெது. கிடக்கும்போது ஒரு கணக்கு, நிற்கும்போது ஒரு கணக்கு. அதனால் நல்ல நிலையில் எடுத்த ஒரே எண்ணைப் போட்டு விற்பது சுலபம். பையன் இரண்டையும் எழுதுகிறான், ஒரு வாரம் தானே கட்டிப் பார்த்ததில் சுமார் ஒரு நிமிடம் பின்தங்கியதையும் சேர்க்கிறான்.

“கிழமை?”

பையன் தயங்குகிறான். சாவியை ஒரு படி இழுத்து ஒரு பக்கம் திருகினால் தேதி மாறுகிறது. மறுபக்கம் திருகினால் கிழமை மாற வேண்டும், மாறவில்லை. இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நாலு வரை தேதியையும் கிழமையையும் தள்ளும் விரல்கள் தட்டுகளோடு கோத்திருக்கும். அந்த நேரத்தில் சாவியால் வம்படியாகத் திருகினால் பல் தேய்ந்துவிடும். இதில் யாரோ அப்படிச் செய்திருக்க வேண்டும் என்பது பெரியவர் கணிப்பு. டப்பாவில் தேடியும் பொருந்தும் பல்சக்கரம் கிடைக்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு கிழமை தானாக மாறுகிறது, கையால் மட்டும் மாற்ற முடியாது. முள்ளை இருபத்துநாலு மணி நேரம் முன்னே சுற்றினால்தான் ஒரு கிழமை நகரும். அதுவும் எழுதப்படுகிறது.

“இன்னொண்ணு. இந்த மெஷின்ல சாவியைத் திருகினா ஸ்பிரிங் ஏறாது, ரோட்டர் ஆடினாத்தான் ஏறும். எழுதலைன்னா வந்த அன்னைக்கே ஓடலைன்னு போன் வரும். பின்னாடி வாட்டர் ரெசிஸ்ட்டுன்னு இருக்கும், அதை நம்பித் தண்ணியில போட வேணாம்னும் எழுது.”

விலை 3,500 என்று போடுகிறான். பெரியவர் விலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூடியைப் பூட்டுவதற்கு முன் ஊசியை எடுத்து, ‘2009’-க்குக் கீழே இந்த வருடத்தையும் தன் முதல் எழுத்தையும் கீறுகிறார். பையன் அதையும் படம் எடுத்துக்கொள்கிறான்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள் விலையில் பேரம் பேசுவதற்கு முன், பின்மூடியின் உள்பக்கப் படம் ஒன்றும், ஆறு மணிக்குக் கீழே டயலை நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.