காசு குடுக்குறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டுங்க

செகண்ட் இயர்ல நான் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கினேன். பதினோராயிரம் ரூபாய். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசு. நான் போனப்ப சிஸ்டம் ஏற்கனவே ஓடிட்டு இருந்தது. உள்ளே ஃபேன்ல கலர் கலரா லைட் எரிஞ்சது. ஒரு கேம் ஓப்பன் பண்ணிக் காட்டினார், நானும் தலையை ஆட்டிட்டு காசைக் கொடுத்துட்டு ஆட்டோல ஏத்திக் கொண்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி நல்லா ஓடுச்சு. மறுநாள் காலைல பட்டனை அமுக்கினா ஃபேன் மட்டும் சுத்துது, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல. வித்தவர் போனை எடுக்கவே இல்லை.

சர்வீஸ் கடை அண்ணன் மூடியைக் கழட்டின உடனே காட்டினார். ப்ராசஸர் பக்கத்துல வரிசையா நிக்கிற கெப்பாசிட்டர்கள்ல மூணு, தலை உப்பிப் போய் பழுப்பா கசிஞ்சிருந்தது. "இது சூடா இருக்கறப்ப ஓடும் தம்பி, ஆறிட்டா எழுந்திருக்காது"ன்னார். எலக்ட்ரோலைட் காய்ஞ்ச கெப்பாசிட்டரோட உள் மின்தடை குளிர்ச்சியில ஏறும், சூடானா இறங்கும். இதை ஃபர்ஸ்ட் இயர்லயே படிச்சு மார்க் வாங்கினவன் நான். ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டிப் பார்த்திருந்தா அம்மா காசு போயிருக்காது.

இந்த வருஷம் ப்ராஜெக்ட்டுக்காக மறுபடியும் ஒரு சிஸ்டம் தேவைப்பட்டது. என் லேப்டாப்ல Vivado ஓப்பன் ஆகறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம். இந்த முறை டியூஷன் எடுத்து நானே சேர்த்த காசு. தாம்பரம் பக்கத்துல ஒரு அண்ணன் முழு செட்டா விக்கிறதா போட்டிருந்தார்: கோர் ஐ5 8400 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்து 24,000. அங்கே ரெண்டரை மணி நேரம் என்ன பண்ணேன்னு சொல்றேன். நீங்க வாங்கப் போறப்ப இதே வரிசையில பண்ணுங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு போன்

"அண்ணா, ரெண்டு விஷயம். நான் வர்ற வரைக்கும் சிஸ்டத்தை ஆன் பண்ணாதீங்க. வந்ததும் மூடியைக் கழட்டிப் பார்ப்பேன், பரவாயில்லையா?" இதுக்கு "வேணாம்"னு சொல்றவர்கிட்ட நான் போகவே மாட்டேன். இவர் "தாராளமா பாருங்க தம்பி"ன்னார். போனதும் முதல் வேலையா கேபினட் பின்னாடி, மானிட்டர் வயர் சொருகற இடத்துல கையை வெச்சுப் பார்த்தேன். ஜில்லுனு இருந்தது. பட்டனை அமுக்கினேன், ஒரே தடவையில எழுந்துச்சு. நேரமும் தேதியும் சரியா இருந்தது. தேதி பழைய வருஷத்துக்குப் போயிருந்தா போர்டுல இருக்கற காசு மாதிரி பேட்டரி தீர்ந்திருக்கும். அது பெரிய செலவு இல்லை, பயப்பட வேண்டியதும் இல்லை. ஷட் டவுன் பண்ணி, பவர் வயரை உருவிட்டு, பட்டனை அஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிச்சேன். உள்ளே மிச்சம் இருக்கற சார்ஜ் இறங்கிடும்.

மூடியைக் கழட்டினதும்

புது போர்டுகள்ல பெரும்பாலும் சாலிட் கெப்பாசிட்டர்தான், அதனால என் பழைய சிஸ்டம் மாதிரி உப்பல் எதுவும் இல்லை. ரேம் ரெண்டு 8 ஜிபி குச்சியா இருந்தது, நல்லது. ஒரே 16 ஜிபி குச்சியா இருந்தா ஒரு சேனல்லதான் ஓடும். என் கண் நின்னது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போற வயர்ல. 1060-க்கு ஒரு 6-பின் பவர் வயர் வேணும். அந்த வயர் எஸ்எம்பிஎஸ்ல இருந்து நேரா வரல. பழைய நாலு பின் கனெக்டர் ரெண்டை இணைச்சு ஒரு அடாப்டர் போட்டிருந்தாங்க. கிராஃபிக்ஸ் கார்டை மனசுல வெச்சு செஞ்ச எஸ்எம்பிஎஸ்னா அந்த 6-பின் அதுலயே இருக்கும். அதனால டார்ச் அடிச்சு லேபிளைப் படிச்சேன்.

இங்கதான் பல பேர் ஏமாறுறோம். பெருசா "450" ன்னு போட்டிருந்தது. ஆனா நீங்க பார்க்க வேண்டியது கீழே இருக்கற குட்டி டேபிள்ல +12V வரிசை. அதுல 16A ன்னு இருந்தது. பன்னிரண்டைப் பதினாறால பெருக்குங்க, 192 வாட். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடறது இந்த 12 வோல்ட் லைன்ல இருந்துதான். ப்ராசஸர் 65 வாட், கார்டு 120 வாட், ரெண்டும் சேர்ந்தாலே 185. ஃபேன், ஹார்ட் டிஸ்க், போர்டு எல்லாம் மிச்சம் இருக்கற ஏழு வாட்ல ஓடாது. இதை நோட்ல எழுதிக்கிட்டேன், அப்போதைக்கு ஒண்ணும் சொல்லல. ஒரு எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீங்க. வயரை உருவின பிறகும் உள்ளே ஷாக் அடிக்கற அளவுக்கு சார்ஜ் நிக்கும்.

கூலரையும் அதுக்குக் கீழ இருக்கற ப்ராசஸரையும் நான் கழட்டல. இந்த வகை போர்டுல பின் எல்லாம் சாக்கெட்டுலதான் இருக்கு, முடி மாதிரி. ப்ராசஸரைக் கழட்டி மாட்டறப்ப ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு போயிடலாம், அதுவும் அடுத்தவர் வீட்டுல. அதை சாஃப்ட்வேர் வெச்சே பார்த்துக்கலாம்.

ஆன் பண்ணி ஓட விட்டப்ப

பென் டிரைவ்ல அஞ்சு டூல் கொண்டு போயிருந்தேன். GPU-Z-ல கார்டு போலியா இல்லையான்னு பார்த்தேன். பழைய கார்டோட பயாஸை மாத்தி எழுதி 1060-ன்னு விக்கிறது உண்டு. அப்படி மாத்தின கார்டுகளை GPU-Z கண்டுபிடிச்சா பேருக்கு முன்னாடியே [FAKE] ன்னு போட்டுடும். இதுல அது இல்லை. Shaders 1280 காட்டுச்சு, அதாவது 6 ஜிபி மாடல். 3 ஜிபி 1060-ல 1152தான் இருக்கும்.

அடுத்து CrystalDiskInfo. எஸ்எஸ்டி நல்லா இருந்தது. ஹார்ட் டிஸ்க் மஞ்சள்ல Caution காட்டுச்சு. C5 Current Pending Sector வரிசையில Raw Values கட்டத்துல கடைசியா 18 இருந்தது. அந்தக் கட்டம் சும்மா விட்டா ஹெக்ஸாடெசிமல்ல காட்டும், அதனால 18-ன்னா 24. டிஸ்க் படிக்க முடியாம "அப்புறம் பார்த்துக்கலாம்"னு ஒதுக்கி வெச்சிருக்கற இடங்கள் இருபத்துநாலு. இன்னைக்கே சாகும்னு அர்த்தம் இல்லை. ஆனா ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நம்பி வைக்கற இடம் இல்லை.

கடைசியா சூடு. HWiNFO64 ஓப்பன் பண்ணி ஒரு பக்கம் வெச்சுட்டு Cinebench ஓட விட்டேன். ரெண்டே நிமிஷத்துல ப்ராசஸர் 100 டிகிரி. அங்க இருந்து வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 2.5-க்குக் கீழ இறங்கிடுச்சு. தன்னைக் காப்பாத்திக்க ப்ராசஸர் தானே மெதுவாகுது. அண்ணன் பெருமூச்சு விட்டார். "இதனாலதான் தம்பி விக்கிறேன். வாங்கினப்ப நல்லா இருந்துச்சு, ஒரு வருஷமா தேஞ்சு போச்சு."

ப்ராசஸர் தேயாது. ஆஃப் பண்ணி, ஆற விட்டு, மறுபடியும் மூடியைக் கழட்டினேன். இன்டெல் கூட வர்ற அந்தக் கூலரை நாலு மூலையில நாலு ப்ளாஸ்டிக் பின் போர்டுல பிடிச்சிருக்கும். கண்ணால பார்த்தா நாலும் ஒண்ணு மாதிரிதான் இருந்தது. விரலால ஒவ்வொண்ணா தொட்டப்ப, ஓரத்துல இருந்த ஒண்ணு மட்டும் ஆடுச்சு. எப்பவோ தூசி தட்டறப்ப கழண்டிருக்கும். முதல் தடவை பார்த்தப்ப நான் இதைத் தொடவே இல்லை.

இப்ப நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? "ப்ராசஸர் போச்சு அண்ணா, பதினஞ்சு தர்றேன்"னு சொல்லி, வீட்டுக்கு வந்து அந்தப் பின்னை அமுக்கிக்கலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அந்த யோசனை வந்துச்சு, மறைக்கல. கூடவே போன் எடுக்காத அந்த ஆளும் ஞாபகத்துக்கு வந்தார்.

"அண்ணா, இந்தப் பின் கழண்டிருக்கு. அமுக்கவா?"

'டக்'னு சத்தம் வந்துச்சு. மறுபடியும் Cinebench. பத்து நிமிஷம் ஓடியும் 76 டிகிரி தாண்டல, வேகம் 3.8-லயே நின்னது. அண்ணன் ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருந்தார். "இப்படி ஓடும்னு தெரிஞ்சிருந்தா வித்திருக்கவே மாட்டேனே தம்பி."

எனக்கு வயித்துல கொஞ்சம் கலக்குச்சு. ஆனா டெஸ்ட் முடியல. அவர்கிட்ட கேட்டுட்டு, Cinebench கூடவே FurMark-ம் சேர்த்து ஓட விட்டேன். நாலாவது நிமிஷம் ஸ்க்ரீன் இருட்டாகி சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆச்சு. கார்டை மட்டும் தனியா பத்து நிமிஷம் ஓட்டினேன், ஒரு பிரச்சனையும் இல்லை. ப்ராசஸர் தனியா ஓடினதை ஏற்கனவே பார்த்தாச்சு. ரெண்டும் சேர்ந்தாதான் விழுது. நோட்ல எழுதின 192 வாட்டைக் காட்டினேன். இத்தனை நாள் ப்ராசஸர் சூட்டுல மெதுவா ஓடினதால கரண்ட் கம்மியா இழுத்திருக்கு, எஸ்எம்பிஎஸ்ஸோட பலவீனம் பெரும்பாலும் வெளிய தெரியல. "கேம் ஆடறப்ப எப்பவாவது ரீஸ்டார்ட் ஆகும். வீட்டு கரண்ட் பிரச்சனைன்னு நினைச்சேன்"னார்.

பேரம் அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷம்தான். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மூவாயிரம், ஹார்ட் டிஸ்க்குக்கு ஆயிரம். ஹார்ட் டிஸ்க்கை அவரே வெச்சுக்கட்டும்னேன், அதுல அவர் ஃபோட்டோ எல்லாம் இருந்தது. 20,000. அவர் கொஞ்ச நேரம் பேசல. "லேப்டாப் புக் பண்ணிட்டேன், ரெண்டு எதுக்கு? எடுத்துட்டுப் போங்க"ன்னார். பழைய பில்லையும் தேடிக் கொடுத்தார்.

அந்த வாரமே +12V-ல முப்பது ஆம்பியருக்கு மேல தர்ற ஒரு எஸ்எம்பிஎஸ் மாத்தினேன். ரெண்டு டெஸ்டையும் சேர்த்து அரை மணி நேரம் ஓட்டினேன், விழல. ரேமுக்கு MemTest86 ராத்திரி முழுக்க ஓட விட்டேன், எரர் இல்லை. அங்கேயே அதுக்கு நேரம் போதாது, அதனால "ரேம்ல எரர் வந்தா மாத்தித் தரணும்"னு முன்னாடியே அவர்கிட்ட பேசி வெச்சிருந்தேன்.

மறுநாள் ராத்திரி அண்ணன்கிட்ட இருந்து மெசேஜ்: "ஓடுதா தம்பி?" ஓடுதுன்னு ரிப்ளை பண்ணேன். நீங்க போறப்ப ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச், ஒரு பென் டிரைவ் எடுத்துட்டுப் போங்க. அந்த நாலு பின்னையும் கண்ணால பார்க்காதீங்க, விரலால தொட்டுப் பாருங்க.