மழிக்கும் முன் ஒரு மொட்டை

மார்ச் 4, செவ்வாய்

உதவி இயக்குநர் தம்பி, நாயகனின் படத்தோடு வந்தார். “அண்ணே, மழிச்ச பிறகு நல்லா இல்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாது. முதல்ல நீங்க படத்துல மொட்டை போட்டுக் காட்டுங்க.” அடர்ந்த சுருட்டை முடி, காதின் மேல்பாதி மறைந்திருக்கிறது.

முடியின் விளிம்பு வரை தோலை நிரப்பினால் தலை வீங்கித் தெரியும். முகத்துக்கு நேராக எடுத்த படத்தில் தாடைக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண் இருக்கும். தாடையிலிருந்து கண் வரை அளந்து, அதே அளவைக் கண்ணுக்கு மேலே வைத்தேன். முடியின் உச்சியிலிருந்து நன்றாகவே இறங்கி நின்றது மண்டைக் கோடு. பென் டூலில் அதை வரைந்துகொண்டேன். பின்னால் வெற்றுச் சுவர். முடி போன இடத்தை க்ளோன் ஸ்டாம்ப் கொண்டு சீக்கிரம் நிரப்பியாயிற்று. காதுக்கு மட்டும், அதே பக்கமிருந்து வெளிச்சம் விழும் வேறு படம் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

இன்று முழுக்கத் தோல் நிறம். நெற்றித் தோலை நகலெடுத்து மேலே பரப்பினால் அது வழுக்கை, மொட்டை அல்ல. நெற்றி வெயில் பார்த்தது; மண்டை முடிக்கடியில் கிடந்தது. மழித்த புதிதில் அது சற்று வெளுத்திருக்கும். அதோடு மயிர்க்கால்கள் உள்ளிருந்து தெரிவதால் சாம்பலும் நீலமும் கலந்த சாயல் வரும். நெற்றித் தோலை அடியில் வைத்து, மேலே கர்வ்ஸில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, சிவப்பைக் குறைத்து, மெல்லிய நாய்ஸ் சேர்த்தேன். பழைய முடி எல்லையில் மாஸ்க்கை மென்மையான பிரஷ்ஷால் கரைத்தாக வேண்டும். அங்கே கோடு கூர்மையாக நின்றால், தலையில் ரப்பர் தொப்பி மாட்டியது போலாகிவிடும்.

மார்ச் 6, வியாழன்

காதுப் படம் வந்தது, பொருத்தினேன். காது மண்டையில் சேரும் இடத்தில் மெல்லிய இருட்டு இல்லாவிட்டால் காது மிதக்கும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணின் மினுக்கே சொல்கிறது: இடப்பக்கம், மேலே. சுருட்டை முடி நெற்றியில் போட்டிருந்த நிழலை முதலில் எடுத்தேன். முடி போன பிறகு அந்த நிழலுக்கு இடமில்லை. பிறகு 50% சாம்பல் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட்டில் வைத்து, மண்டையின் வலப்பக்கத்தைப் படிப்படியாக இருட்டாக்கினேன்.

பளபளப்புக்கு மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டேன். மூக்கு சிறிய வளைவு, அதில் ஒளி சிறு புள்ளியாக நிற்கிறது. மண்டை பெரிய வளைவு என்பதால் அதே விளக்கு அகலமாக, ஓரம் கரைந்து விழும். நடுவிலும் தோலின் துளைகள் தெரிய வேண்டும். வெள்ளை அப்பினால் பிளாஸ்டிக்தான். கடைசியில் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பார்த்தேன். நிறம் மறைத்துவைக்கும் நிழல் பிசகு அதில் தெரிந்துவிடும்.

மார்ச் 7, வெள்ளி

இயக்குநருக்குப் பிடித்தது. முடிக்கடியில் இருக்கும் தழும்பும் மேடுபள்ளமும் இந்தப் படத்தில் வராது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். லுக் டெஸ்ட்டுக்குப் படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முடியை நனைத்து, காது தெரிய இறுக்கி வாரிவிட்டு, முன்னாலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் எடுத்துக் கொடுங்கள்.