மங்கிய மார்ச்சு

ஆவடியில் வாழும் குடும்பமொன்று, மாதத்திற்கோர் ஒளிப்படம் வைத்து 2026ஆம் ஆண்டின் சுவர் நாட்காட்டியைக் கணினியில் அமைத்தது. திரையில் பன்னிரண்டும் தெளிவாகவே தெரிந்தன. பிடிஎஃப் கோப்பை ஏ3 தாளில் அச்சிட்டபோதோ, மார்ச்சு மாதத்துப் பருத்திப்பட்டு ஏரி மட்டும் மங்கிக் கிடந்தது. திரையை நம்பினால் இப்படித்தான் நேரும்.

தாளின் மேற்பாதியை நிறைக்கும் படத்தின் அகலம் 297 மில்லிமீட்டர், ஏறத்தாழ 11.7 அங்குலம். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் அமைய, படம் 3500 புள்ளி அகலமேனும் இருத்தல் வேண்டும். வாட்ஸ்அப் வழியே சுருங்கி வந்த ஏரிப் படத்திலோ 1600 புள்ளிகளே இருந்தன. அங்குலத்திற்கு 137தான் கிட்டியது. கணினியில் பெரிதாக்கினாலும் இழந்த நுணுக்கம் மீளாது. படமெடுத்த உறவினரிடம் மூலக்கோப்பை ஆவணமாக அனுப்பச் சொன்னார்கள். அதன் அகலம் 4000 புள்ளிகள். மார்ச்சுப் பக்கம் மட்டும் மீண்டும் அச்சேறியது.